நஷ்டம் வந்தாலும் ஆடிட் ஏன்?

"மூன்று லட்சம் போச்சு சார். இதுக்குப் போய் ஆடிட்டா?" ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஆடிட்டரிடம் ஆற்றாமையோடு கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பதில் அவருடைய நஷ்டத்தில் இல்லை; டர்ன்ஓவரிலும், முந்தைய ஆண்டுகளில் அவர் ரிட்டர்ன் போட்ட விதத்திலும் இருக்கிறது.

பங்குச் சந்தையில் நடக்கும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தை வருமான வரிச் சட்டம் சாதாரணத் தொழிலாகவே பார்க்கிறது. தொழில் என்றால் டர்ன்ஓவர் என்று ஒன்று வேண்டும். இங்கே சரக்கு கைமாறுவதில்லை, விலை வித்தியாசம் மட்டுமே கைக்கு வருகிறது அல்லது கையை விட்டுப் போகிறது. அதனால் ஒவ்வொரு வர்த்தகத்திலும் வந்த வித்தியாசத்தை, லாபமானாலும் நஷ்டமானாலும், கூட்டிக்கொண்டே போகவேண்டும். பட்டயக் கணக்காளர் கழகத்தின் வழிகாட்டிக் குறிப்பு சொல்லும் முறை இதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நிஃப்டி ஒரு லாட் 75 என்று இருந்த நேரம். ஒருவர் ஒரு லாட் ஃபியூச்சர்ஸை 23,000க்கு வாங்கி 23,200க்கு விற்றார். லாபம் 15,000 ரூபாய். அடுத்து ஒரு ஆப்ஷனை 150 ரூபாய்க்கு வாங்கி 30க்கு விற்றார், நஷ்டம் 9,000. மூன்றாவதாக ஒரு ஆப்ஷனை 100க்கு எழுதி விற்று, 180க்குத் திரும்ப வாங்கினார், நஷ்டம் 6,000. லாப நஷ்டக் கணக்கில் மிஞ்சியது பூஜ்யம். ஆனால் டர்ன்ஓவர் 15,000, 9,000, 6,000 மூன்றையும் கூட்டி 30,000 ரூபாய்.

இரண்டு இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். முதல் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தத்தின் மதிப்பு 17 லட்சத்துக்கு மேல். அதையே டர்ன்ஓவர் என்று எடுத்துக்கொண்டு, கோடிக்கணக்கில் வந்துவிட்டதே என்று கலங்குபவர்கள் உண்டு. அது தவறு. இன்னொன்று, ஆப்ஷனை விற்று வாங்கிய பிரீமியம். முன்பு அதையும் தனியாகச் சேர்க்கும் வழக்கம் இருந்தது. அப்படிச் செய்தால் நம் கணக்கில் டர்ன்ஓவர் 39,750 ஆகிவிடும். பிரீமியம் ஏற்கெனவே லாப நஷ்டத்துக்குள் வந்துவிட்டால் மறுபடி சேர்க்க வேண்டாம் என்று 2022 பதிப்பு தெளிவாக்கிவிட்டது. புரோக்கர் தரும் அறிக்கையில் மொத்த லாப நஷ்டத்தை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு வர்த்தகமும் தனித்தனியே இருக்கும் பட்டியலை வாங்கிக் கூட்டுவதே பத்திரம்.

இனி ஆடிட். ரொக்கப் பரிமாற்றம் 5 சதவீதத்தைத் தாண்டாத தொழிலுக்கு வரம்பு 10 கோடி ரூபாய். எஃப் அண்ட் ஓ முழுக்க வங்கி வழியாகவே நடப்பதால், சிறு வர்த்தகர்களில் பெரும்பாலோர் இந்த வரம்பைத் தொடவே மாட்டார்கள். அப்படியானால் நஷ்டக்காரரை ஆடிட் எப்படிப் பிடிக்கிறது?

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏடி பிரிவு வழியாக. கணக்குப் புத்தகம் இல்லாமல், டிஜிட்டல் வரவுக்கு டர்ன்ஓவரில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டிவிட்டுப் போக அது இடம் தருகிறது. சலுகை நல்லதுதான், நிபந்தனை கடுமையானது. ஒருமுறை உள்ளே வந்தவர் அடுத்த ஐந்து ஆண்டுகளும் அதே வழியில் லாபம் காட்ட வேண்டும். நடுவில் குறைத்தோ நஷ்டமென்றோ காட்டினால், அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்குச் சலுகை கிடையாது. அத்தோடு, மொத்த வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் கணக்கு வைத்து ஆடிட்டும் செய்யவேண்டும்.

கோவையில் 9 லட்சம் சம்பளம் வாங்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 2023-24இல் டர்ன்ஓவர் 20 லட்சம். சுலபம் என்று ஐடிஆர் 4இல் 6 சதவீதமாக 1,20,000 காட்டினார். 2024-25இல் டர்ன்ஓவர் 40 லட்சம், நஷ்டம் 3 லட்சம். இவருக்கு ஆடிட் உண்டு. தொழில் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது என்பதால் 9 லட்சம் அப்படியே நின்று வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஆடிட் செய்யாமல் விட்டால் அபராதம் டர்ன்ஓவரில் அரை சதவீதம், அதாவது 20,000 ரூபாய் வரை வரலாம். அதே நஷ்டம், அதே சம்பளம் உள்ள அவர் சக ஊழியர் 44ஏடி பக்கமே போகாதவர் என்றால் அவருக்கு ஆடிட் வேண்டாம். ஐடிஆர் 3இல் கணக்கைக் காட்டினால் போதும். "நஷ்டம் என்றாலே ஆடிட்" என்று பயமுறுத்துவோரின் பேச்சை நம்பிப் பணம் செலவழிக்கும் முன், பழைய ரிட்டர்ன்களை எடுத்துப் பார்ப்பது அவசியம்.

ஆடிட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டால்தான், மிஞ்சிய நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் சென்று பின்னால் வரும் தொழில் லாபத்தில் கழித்துக்கொள்ள முடியும். கெடு தாண்டினால் அந்த 3 லட்சத்தைக் கழிக்கும் உரிமையும் போய்விடும்.