முறுக்கினாலும் மெலியாத கை

கணினி அனிமேஷன் பாத்திரம் சாவியைத் திருப்பும்போது, சில சமயம் அதன் மணிக்கட்டு மிட்டாய்த்தாளின் முறுக்கிய முனைபோல் இறுகிவிடும். காரணம், தோலின் புள்ளிகளை நகர்த்தும் கணக்குதான். முன்கை எலும்பும் கை எலும்பும் ஒரு புள்ளியைப் பாதிப்பாதி இழுத்தால், அது இரண்டும் சொல்லும் இடங்களுக்கு நடுவில், நேர்கோட்டில் போய் நிற்கும். கை 90 பாகை திரும்பினால் அங்கே சுற்றளவு ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். 180 ஆனால் எல்லாப் புள்ளிகளும் அச்சிலேயே குவிந்துவிடும்.

நம் உடலில் மணிக்கட்டு மட்டும் தனியாகத் திரும்புவதில்லை. ஆர எலும்பு அல்நா எலும்பின்மேல் குறுக்காகப் புரள்வதால், திருகல் முன்கை நெடுகப் பரவுகிறது. அதையே ரிக்கிங் கலைஞர்கள் திருகு எலும்புகளால் செய்கிறார்கள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே அப்படி இரண்டை வைத்து, மணிக்கட்டின் திருகலில் மூன்றில் ஒரு பங்கை ஒன்றுக்கும், இரண்டு பங்கை மற்றதற்கும் கொடுக்கிறார்கள். அப்போது 180 பாகைத் திருகலிலும் அடுத்தடுத்த எலும்புகளுக்கு இடையே 60 பாகைதான் வித்தியாசம். மெலிவு 13 சதவீதத்தோடு நின்றுவிடும்.

மணிக்கட்டின் மடங்கலைக் கழித்துவிட்டு, முன்கையின் அச்சைச் சுற்றிய திருகலை மட்டும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கையை மடக்கும்போதும் முன்கை புரளும். 180ஐத் தாண்டினால், கணக்கு எதிர்த்திசைக்குத் தாவி, தோல் ஒரே சட்டகத்தில் மறுபக்கம் சுழலும்.