சோடியம் அணுக்கள் வரிசையில் நின்றால்

எண்ணூர் விரைவுச் சாலைக்கும் துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்துத் தெருக்களுக்கும் ஒரு காலத்தில் இரவு நிறம் ஒன்றுதான்: ஆரஞ்சு கலந்த மஞ்சள். இன்று பெரும்பாலும் எல்.ஈ.டி. வந்துவிட்டது. பழைய சோடியம் விளக்கு ஒன்று எங்காவது மிச்சமிருந்தால், பழைய சி.டி. துண்டை அட்டைப் பெட்டிக்குள் வைத்து, மெல்லிய கீறல் வழியாக அதன் ஒளியைப் பாருங்கள். மஞ்சள் பகுதியில் ஒரு விநோதம் தெரியும். வெளிச்சம் கோடாக இராமல் அகலமாகப் பரவியிருக்கும். அந்த அகலத்தின் நட்டநடுவில், மிகப் பிரகாசமாக இருக்கவேண்டிய இடத்தில், ஓர் இருட்டுக் கோடு ஓடும்.

தனித்து நிற்கும் சோடியம் அணு இப்படி நடந்துகொள்ளாது. அதன் கடைசி எலக்ட்ரான் 3p என்ற மட்டத்திலிருந்து 3s மட்டத்துக்கு இறங்கும்போது சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் ஒளியாக வெளிவரும். நிறமாலையில் 589.0, 589.6 நானோமீட்டர் என்று ஊசி முனை போல இரண்டே கோடுகள். தெருவிளக்கின் குழாய்க்குள்ளோ சோடியம் ஆவி அடர்த்தியாக நிரம்பியிருக்கிறது. ஓர் அணு இன்னொன்றின் அருகே வரும்போது இரண்டின் மட்டங்களும் கொஞ்சம் நகர்கின்றன. வெளிவரும் நிறமும் நகர்கிறது. கோடு அகலமாவது அதனால்தான். நடுவில் இருட்டு விழக் காரணம் வேறு: விளிம்பில் உள்ள குளிர்ந்த சோடியம் தன் சொந்த நிறத்தைத் தானே விழுங்கிவிடுகிறது.

ஆவியில் அணுக்கள் வந்து உரசிவிட்டுப் போய்விடும். அவற்றை ஓடவிடாமல் ஒரே இடைவெளியில் வரிசையாக நிறுத்தினால் மட்டங்கள் என்ன ஆகும்?

காசிமேட்டில் விசைப்படகுகளைப் பக்கம் பக்கமாகக் கட்டிவைத்திருப்பார்கள். தனிப் படகுக்கு ஆட ஒரே தாளம். இரண்டைச் சேர்த்துக் கட்டினால் இரண்டு தாளங்கள் வந்துவிடும்: இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து எழுவது ஒன்று, ஒன்று சாயும்போது மற்றது எழுவது இன்னொன்று. கயிறு விறைப்பாக இருந்தால் இரண்டு தாளங்களுக்கும் வித்தியாசம் அதிகம். பத்துப் படகைக் கட்டினால் பத்துத் தாளங்கள். ஒப்புமை இதோடு போதும். ஏனென்றால் எலக்ட்ரான் படகைப் போல ஆடுவதில்லை. அணுவைச் சுற்றி அது பரவியிருக்கும் அலையையே ஆர்பிட்டால் என்கிறோம்.

இரண்டு சோடியம் அணுக்களின் 3s ஆர்பிட்டால்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது அந்த அலைகள் இரண்டு விதமாகச் சேரலாம். ஒரே குறியோடு சேர்ந்தால் இரண்டு கருக்களுக்கும் நடுவே எலக்ட்ரான் அதிகமாகத் தங்கும், ஆற்றல் குறையும். எதிர்க்குறியோடு சேர்ந்தால் நடுவில் எலக்ட்ரானே இல்லாத ஒரு வெற்றிடம் விழும், ஆற்றல் கூடும். ஒரே உயரத்தில் இருந்த இரண்டு மட்டங்களில் ஒன்று b அளவு கீழே போகிறது, மற்றது b அளவு மேலே போகிறது. மேற்பொருந்துதல் எவ்வளவு பலமானது என்பதைச் சொல்லும் அளவு இந்த b. அணுக்களைச் சற்று விலக்கினாலே இது சரசரவென்று விழுந்துவிடும்.

இனி அணுக்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். பக்கத்து அணுவோடு மட்டுமே உறவு என்று வைத்துக்கொண்டால், N அணுக்கள் உள்ள வரிசைக்கு விடை ஒரே வரியில் வந்துவிடும்:

E = E₀ − 2b cos(kπ/(N+1)), k = 1, 2, … N

மூன்று அணுக்களுக்கு அடிமட்டம் 1.41b கீழே இறங்குகிறது. நான்குக்கு 1.62b. பத்துக்கு 1.92b. இருபதுக்கு 1.98b. நூறு அணுக்கள் சேர்த்தாலும் 2b-யை எட்டுவதில்லை. மேல்பக்கமும் இதே கதைதான். அணு சேரச்சேர மட்டங்களின் எண்ணிக்கை கூடுகிறது, ஆனால் அவை பரவும் அகலம் 4b-க்குள் அடங்கிவிடுகிறது. எத்தனை லட்சம் பேர் வரிசையில் நின்றாலும் ஒவ்வோர் அணுவுக்கும் பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டே பேர் என்பதுதான் காரணம். அகலத்தைப் பக்கத்து உறவு தீர்மானிக்கிறது. நெருக்கத்தை எண்ணிக்கை தீர்மானிக்கிறது. மட்டங்கள் இப்படி நெருங்கி நெருங்கிப் படிக்கட்டு சாய்தளமாக மாறுவதையே ஆற்றல் பட்டை என்கிறோம்.

இதைக் கண்ணெதிரே நடத்திக் காட்டியவர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த நிலியஸ், வாலிஸ், ஹோ. 2002-இல் நிக்கல்-அலுமினியப் படிகம் ஒன்றின் மேல், ஊடுருவு நுண்ணோக்கியின் ஊசி முனையால் தங்க அணுக்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, 20 அணுக்கள் வரை வரிசை கட்டினார்கள். அணுவுக்கு அணு இடைவெளி 0.289 நானோமீட்டர். மின்கடத்தல் வரைபடத்தில் தனித் தங்க அணு 1.95 வோல்ட்டில் ஒரே மேடு காட்டியது. இன்னோர் அணுவைப் பக்கத்தில் வைத்ததும் அது 1.5, 2.25 என்று இரண்டாகப் பிளந்தது. வரிசை நீளநீள மேடுகள் பெருகி ஒன்றோடொன்று கலந்தன. ஊசியை வரிசையின் மேல் நடத்தினால், அடிமட்டத்தில் எலக்ட்ரான் நடுவில் ஒரே குவியலாகவும், அடுத்த மட்டத்தில் இரண்டு குவியலாகவும், அதற்கடுத்ததில் மூன்றாகவும் தெரிந்தது.

நம் கணக்கை இங்கே சோதித்துப் பார்க்கலாம். 1.5-க்கும் 2.25-க்கும் நடுப்புள்ளி சுமார் 1.88; ஆக b சுமார் 0.38 வோல்ட். நீண்ட வரிசையின் அடிமட்டம் 2b இறங்கி 1.1 அருகே நிற்க வேண்டும். அளந்தபோதோ 1 வோல்ட்டுக்கும் கீழே போயிருந்தது. ‘பக்கத்து அணு மட்டும்’ என்ற அனுமானம் போதவில்லை. இரண்டு அணு தள்ளி நிற்பதன் பாதிப்பும், கீழே உள்ள உலோகத்தின் வழியாக வரும் பாதிப்பும் கணக்கில் சேர வேண்டும். ஆனாலும் பட்டையின் வடிவத்தைச் சொல்வதில் அந்தச் சின்னச் சூத்திரம் சொதப்பவில்லை என்பதே எனக்கு வியப்பு.

மறுபடி சோடியம். ஒவ்வோர் அணுவும் ஒரு 3s எலக்ட்ரானைக் கொண்டுவருகிறது. ஒரு மட்டத்தில் இரண்டு எலக்ட்ரான்கள் உட்காரலாம். எனவே பட்டையின் கீழ்ப்பாதி நிரம்பும், மேல்பாதி காலியாக இருக்கும். ஒரு கிராம் சோடியத்தில் சுமார் 2.6 × 10²² அணுக்கள். சில எலக்ட்ரான் வோல்ட் அகலத்துக்குள் அத்தனை மட்டங்கள் என்றால், நிரம்பிய கடைசி மட்டத்துக்கும் அடுத்த காலி மட்டத்துக்கும் இடைவெளி என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. மின்கலத்தின் மெல்லிய உந்துதலே எலக்ட்ரானை நகர்த்தப் போதும். சோடியம் உலோகம் மின்சாரம் கடத்துவது இப்படித்தான்.

ஆனால் ஒற்றை வரிசை என்றால் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பாதி நிரம்பிய பட்டை உள்ள வரிசை, அணுக்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்துக்கொண்டால் மொத்த ஆற்றல் இன்னும் குறையும் என்று ருடால்ஃப் பையர்ல்ஸ் காட்டினார். ஜோடி சேர்ந்ததும் பட்டை நடுவில் பிளந்து, நிரம்பிய பாதிக்கும் காலிப் பாதிக்கும் இடையே இடைவெளி விழும். கடத்தி கடத்தாப் பொருளாகிவிடும். நிஜ சோடியம் தப்பித்துக்கொள்வது அது முப்பரிமாணத்தில் அடுக்கப்பட்டிருப்பதால். அங்கே ஓர் அணுவுக்குப் பக்கத்து அணுக்கள் எட்டு. ஒன்றோடு மட்டும் நெருங்குவதில் பெரிய லாபமில்லை.

அப்படியானால் சோடியத்தை அழுத்தி அணுக்களை இன்னும் நெருக்கினால் b கூடும், பட்டை விரியும், கடத்தும் திறன் ஏறும் என்றுதான் தோன்றும். 2009-இல் யான்மிங் மாவும் அவரது சகாக்களும் இரண்டு வைர முனைகளுக்கு நடுவே சோடியத்தை வைத்து, வளிமண்டல அழுத்தத்தைப் போல சுமார் 20 லட்சம் மடங்குக்கு நெருக்கினார்கள். அது பளபளக்கவில்லை. உலோகத்தன்மையை இழந்து, ஒளி புகும் பொருளாகிவிட்டது. அந்த நெருக்கத்தில் உள்வட்ட எலக்ட்ரான்களே ஒன்றன்மேல் ஒன்று படியத் தொடங்கி, 3s எலக்ட்ரான்களுக்கு அணுவைச் சுற்றி இடமில்லாமல் செய்துவிடுகின்றன. அவை அணுக்களுக்கு இடையே உள்ள சந்துகளில் போய் ஒடுங்கிக்கொள்கின்றன.