இரு படிவங்கள், ஒரே வாக்குறுதி

பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் புத்தகப் பையிலிருந்து ஒரு நாள் இரண்டு தாள்கள் வெளிவரக்கூடும். ஒன்று, பெற்றோர் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவம். மற்றொன்று, பிள்ளையே கையெழுத்திட வேண்டிய இசைவுப் படிவம். எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை பயிலும் மாணவ மாணவியரின் உடல்நலம், மனநலம் குறித்து எங்கள் சமூக மருத்துவத் துறை ஓர் ஆய்வைத் திட்டமிட்டபோது, இவ்விரு படிவங்களையும் எழுதும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. அவற்றில் இடம்பெற்ற ஒரு வாக்கியம் எங்களை நெடுநாள் தடுத்து நிறுத்தியது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

இரண்டு படிவங்கள் எதற்கு என்று சிலர் வினவுவர். நம் நாட்டில் பதினெட்டு வயது நிறைவடையாதவர் ஆய்வில் பங்கேற்கப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ ஒப்புதல் அளிக்க வேண்டும். ஆயினும் அது மட்டும் போதாது. குழந்தைகளை உள்ளடக்கிய ஆய்வுகளுக்கென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளையிடம் வாய்மொழியாகவும், அதற்கு மேற்பட்ட வயதுடையோரிடம் எழுத்து வடிவிலும் இசைவு பெற வேண்டும். பெற்றோர் சம்மதித்தும் பிள்ளை மறுத்தால் அந்த மறுப்பே நிற்கும். பிள்ளை விரும்பியும் பெற்றோர் மறுத்தால் அதுவும் அவ்வாறே. தலைமையாசிரியரின் அனுமதி நாங்கள் பள்ளிக்குள் நுழைவதற்கு உதவுமேயன்றி, இவ்விரண்டில் எதற்கும் ஈடாகாது.

எங்கள் ஆய்வில் இரண்டு பகுதிகள் இருந்தன. முதலாவது, விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் அளவைக் காண்பது. இரண்டாவது, மனச்சோர்வின் அறிகுறிகளைக் கேட்டறியும் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு அறிகுறியும் எத்தனை நாட்கள் இருந்தது என்று குறிக்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, இறந்துவிடலாம் என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் எழுந்ததா என்பதாகும்.

எங்கள் முதல் வரைவில், மாணவர் படிவத்தில் இவ்வாறு எழுதியிருந்தோம்: “நீ எழுதும் பதில்களை யாரிடமும் சொல்ல மாட்டோம்.” பெற்றோர் படிவத்தில், “தங்கள் பிள்ளையின் பதில்கள் அனைத்தும் இரகசியமாக வைக்கப்படும்” என்றிருந்தது. பல ஆய்வுப் படிவங்களில் காணப்படும் வழக்கமான வாக்கியங்களே இவை. நெறிமுறைக் குழுவிடம் அனுப்புவதற்கு முன், சில மாணவியரிடம் அவர்களுடைய பெற்றோரின் அனுமதியோடு வரைவைப் படிக்கக் கொடுத்தோம். படித்ததை அவரவர் சொற்களில் திரும்பச் சொல்லுமாறு கேட்டோம். ஒரு மாணவி சொல்லி முடித்துவிட்டு, “கடைசிக் கேள்விக்குச் சில நாட்கள் என்று குறித்தால்கூட அம்மாவிடம் சொல்ல மாட்டீர்களா, டாக்டர்?” என்று கேட்டாள்.

எங்களிடம் நேர்மையான விடை இல்லை. அவ்வாறு ஒரு பிள்ளை குறித்தால் நாங்கள் வாளாவிருக்கப் போவதில்லை. அன்றைக்கே மனநல ஆலோசகர் அப்பிள்ளையுடன் பேசுவார்; ஆபத்து உண்டென்று தெரிந்தால் பெற்றோரை அழைப்போம். எங்கள் செயல்திட்டத்தில் இது தெளிவாக இருந்தது. படிவத்தில்தான் இல்லை. பிள்ளை நம்பிச் சொன்ன பிறகு, சொல்ல மாட்டோம் என்றவர்களே வீட்டிற்குத் தெரிவித்தால், அப்பிள்ளை அடுத்த முறை எந்த மருத்துவரிடமும் மனம் திறக்காமல் போகலாம்.

பெயரே எழுதாமல் விடைகளைப் பெறலாமே என்று எங்களுள் ஒருவர் கூறினார். அப்போது இரகசியம் முழுமையாகக் காக்கப்படும். ஆனால் ஒரு தாளில் ஆபத்தின் அறிகுறியைக் கண்டாலும் அதை எழுதிய பிள்ளை யாரென்று அறிய வழி இருக்காது. எனவே வினாப்படிவத்தில் பெயருக்குப் பதிலாக எண் இடுவது என்றும், எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலைத் தனியே பூட்டி வைப்பது என்றும் முடிவு செய்தோம். ஒன்பதாவது கேள்வியின் விடைகளை அன்றைக்கே படித்து முடிக்காமல் பள்ளியை விட்டுப் புறப்படுவதில்லை என்பதும் விதியாயிற்று. தாள்களைக் கட்டி வைத்து அடுத்த வாரம் படிப்பவர், உதவி செய்வோம் என்று எழுதுவதில் பொருளில்லை.

மறுபுறம், வரைவைப் படித்த ஒரு தந்தை, “என் மகன் என்ன எழுதினான் என்று எனக்குக் காட்ட வேண்டாமா?” என்று கேட்டார். அவரது கவலை நியாயமானது. எனினும் எல்லா விடைகளும் வீட்டிற்குச் செல்லும் என்று தெரிந்தால் பிள்ளைகள் உண்மையை எழுத மாட்டார்கள். ஆகவே எதைத் தெரிவிப்போம், எதைத் தெரிவிக்க மாட்டோம் என்பதைப் பிரித்து எழுதினோம். இரத்தப் பரிசோதனை முடிவு பெற்றோருக்குக் கட்டாயம் தரப்படும். இந்த வயதினருக்கு ஹீமோகுளோபின் 8 கிராமுக்குக் கீழே இருந்தால் அது கடுமையான இரத்தசோகை. உடனே சிகிச்சைக்கு அழைப்போம். வினாப்படிவத்தின் விடைகளோ, ஆபத்து இருந்தாலன்றி வெளியே செல்லா. தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பதே அந்த எண்ணத்தை விதைத்துவிடுமோ என்றும் அவர் அஞ்சினார். கேட்பதால் அவ்வெண்ணம் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை என்பதையும் படிவத்தில் சேர்த்தோம்.

இறுதியில் இரு படிவங்களிலும் ஒரே பத்தி இடம்பெற்றது. மாணவர் படிவத்தில் அது இவ்வாறு அமைந்தது: “நீங்கள் எழுதுவதை ஆசிரியரிடமோ வகுப்புத் தோழர்களிடமோ காட்ட மாட்டோம். பெற்றோரிடமும் காட்ட மாட்டோம். ஆனால் உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், முதலில் உங்களிடம் பேசிவிட்டு, உங்கள் பெற்றோருக்குத் தெரிவிப்போம். யாராவது உங்களிடம் பாலியல் முறையில் தவறாக நடந்துகொண்டதாகத் தெரியவந்தால், சட்டப்படி நாங்கள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.” கடைசி வாக்கியத்திற்குக் காரணம் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். அத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்.

வேறு இரு சொற்களையும் மாற்றினோம். ‘நீ’ என்பது ‘நீங்கள்’ ஆயிற்று. ‘நீ’ என்றபோது ஆசிரியரின் கட்டளைபோல் ஒலித்ததாக மாணவியரே கூறினர். “பரிசோதனையில் பங்கேற்க” என்ற சொற்றொடரையும் நீக்கினோம். தங்கள் பிள்ளைமீது ஏதோ சோதித்துப் பார்க்கிறார்கள் என்று அது பெற்றோருக்குப் பொருள்பட்டது. இரத்தத்திற்குப் ‘பரிசோதனை’ என்றும், முழுப் பணிக்கு ‘ஆய்வு’ என்றும் பிரித்து எழுதினோம்.

இத்தகைய படிவம் உங்கள் இல்லத்திற்கு வந்தால், இரண்டு இடங்களைப் பாருங்கள். “விருப்பமில்லை எனில் மட்டும் கையெழுத்திட்டு அனுப்பவும்” என்று இருந்தால், பையிலேயே கிடந்து உங்கள் கண்ணில் படாத தாளும் சம்மதமாகக் கொள்ளப்படும். அது பற்றி ஆய்வாளரிடம் கேளுங்கள். அடுத்து, இரகசியம் பற்றிய பத்தியில் ‘ஆனால்’ என்று தொடங்கும் வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள். மனநலம் பற்றிக் கேட்கும் ஆய்வில் அவ்வாக்கியம் இல்லையெனில், ஆபத்து நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கையெழுத்திடும் முன் கேளுங்கள். படிக்க இயலாதவர் கைநாட்டு வைக்கலாம். ஆனால் ஆய்வைச் சாராத ஒருவர் உடனிருந்து, முழுவதும் படித்துக் காட்டப்பட்டதற்குச் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும்.

பிள்ளையின் படிவத்தை நீங்கள் நிரப்பிவிடாதீர்கள். அதைப் பிள்ளையே படித்து, “இதில் என்ன சொல்கிறார்கள்?” என்ற உங்கள் கேள்விக்குத் தன் சொற்களில் விடை சொல்லட்டும். எங்கள் படிவத்தின் பிழையை நாங்கள் கண்டதும் அப்படித்தான். மனத்துயரால் உடனடி உதவி தேவைப்படுவோர் டெலி மானஸ் 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.