இரண்டு மணி நேரத் தேர்வுப் பணி: விண்ணப்பதாரருக்கு என்ன சொல்ல வேண்டும்?

வேலைக்கு எடுக்குமுன் விண்ணப்பதாரரிடம் ஒரு சிறிய வேலையைக் கொடுத்து, அவர் அதை எப்படிச் செய்கிறார் என்று பார்க்கும் வழக்கம் இன்று மென்பொருள் நிறுவனங்களைத் தாண்டி கணக்குப் பிரிவு, மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு என்று பல இடங்களுக்கும் வந்துவிட்டது. வீட்டிலிருந்தே செய்து அனுப்பலாம் என்பதால் இரு தரப்புக்கும் இது வசதி. ஆனால் இந்தத் தேர்வு நியாயமாக நடக்குமா என்பது பெரும்பாலும் கேள்வித்தாளைப் பொறுத்ததல்ல. அதனுடன் போகும் ஒரு பக்க அறிவிப்பைப் பொறுத்தது. எவ்வளவு நேரம், எதுவரை செய்ய வேண்டும், எப்படி மதிப்பிடுவார்கள் என்ற மூன்றையும் அந்தப் பக்கம் சொல்ல வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒன்றை மட்டும் சரியாக எழுதிவிட்டு மற்ற இரண்டை விட்டுவிட்டால் பயனில்லை.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் கணக்கு உதவியாளர் ஒருவரைத் தேடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வேலையில் மாதாமாதம் தவறாமல் வருவது வங்கிச் சரிகட்டும் பட்டியல். அலுவலகத்தில் இதை ‘பிஆர்எஸ்’ என்பார்கள். நிறுவனத்தின் ஏட்டில் உள்ள வங்கி இருப்பும், வங்கி தரும் ஸ்டேட்மென்ட்டில் உள்ள இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று வரி வரியாகத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டையும் ஒரே தொகைக்குக் கொண்டுவருவதுதான் வேலை. நாள்தோறும் செய்யப்போகும் வேலையையே தேர்வாகவும் வைப்பதால் இது பொருத்தமான தேர்வு.

இதற்குப் பல இடங்களில் போகும் அறிவிப்பு ஒரே வரிதான்: ‘இணைப்பில் உள்ள விவரங்களைக் கொண்டு பிஆர்எஸ் தயாரித்து, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்.’ இதைப் படிக்கும் ஒருவர் ஒன்றரை மணி நேரத்தில் பட்டியலை முடித்து அனுப்பிவிடுவார். இன்னொருவர் மூன்று நாள் உட்கார்ந்து, வண்ணம் தீட்டிய அட்டவணை, வரைபடம், ஜிஎஸ்டி குறிப்பு என்று பன்னிரண்டு பக்கம் அனுப்புவார். பார்ப்பவருக்கு இரண்டாவது ஆளே திறமைசாலியாகத் தெரியும். உண்மையில் அங்கே அளக்கப்பட்டது திறமை அல்ல, கையில் இருந்த ஓய்வு நேரம். பகலில் வேறு வேலைக்குப் போய்க்கொண்டே விண்ணப்பிப்பவரும், வீட்டில் கைக்குழந்தையோடு இருப்பவரும் அந்த இடத்திலேயே பின்தங்கிவிடுகிறார்கள்.

எனவே முதலில் நேரம். இதில் இரண்டு அளவுகளைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். வேலைக்கு ஆகும் நேரம் ஒன்று. அனுப்ப வேண்டிய கடைசி நாள் இன்னொன்று. ‘வேலை இரண்டு மணி நேரம்; ஐந்து நாளுக்குள் உங்களுக்கு வசதியான எந்த இரண்டு மணி நேரத்திலும் செய்யலாம்’ என்றால் குழப்பம் இல்லை. அந்த ஐந்து நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது இருப்பது நல்லது.

இரண்டு மணி நேரம் என்ற கணக்கை ஊகித்துப் போடக் கூடாது. அதே வேலையை நிறுவனத்தில் ஏற்கனவே இருக்கும் இளநிலைக் கணக்கர் ஒருவரிடம், முன்கூட்டி எதுவும் சொல்லாமல் கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். அவருக்கு 55 நிமிடம் ஆனால், நிறுவனத்தின் பழக்கவழக்கங்கள் தெரியாத புதியவருக்கு ஏறத்தாழ இருமடங்கு ஆகும் என்று கொள்வது நியாயம். அவருக்கே ஒன்றரை மணி நேரம் ஆனால் நேரத்தைக் கூட்டுவதைவிட ஸ்டேட்மென்ட்டில் உள்ள வரிகளைக் குறைப்பதே நல்லது. இந்தச் சோதனை ஓட்டத்தில் கேள்வியில் உள்ள பிழைகளும் வெளிவந்துவிடும். ஒரு தேதி தவறாக அச்சாகியிருந்தால் அதைத் தேடியே ஒரு விண்ணப்பதாரர் அரை மணி நேரத்தை இழக்கக்கூடும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான கூடுதல் நேரத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அரசு நடத்தும் எழுத்துத் தேர்வுகளில் அவர்களுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈடுநேரம் தரச் சொல்லும் மத்திய அரசு வழிகாட்டுதல் உள்ளது. அந்த அளவையே எடுத்துக்கொண்டால் இரண்டு மணி நேர வேலைக்கு 40 நிமிடம் கூடுதல். கேட்டவருக்கு மட்டும் தனியாகத் தருவோம் என்று மறைவாக வைத்திருந்தால், கேட்கத் தயங்குபவருக்கு அது கிடைக்காமலே போகும்.

அடுத்தது எல்லை. நேர வரம்பைக் காப்பாற்றுவது கடிகாரம் அல்ல, இதுதான். வீட்டில் ஒருவர் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்று யாராலும் பார்க்க முடியாது. கூடுதலாக உட்கார்ந்தாலும் கூடுதல் மதிப்பெண் கிடைக்காதபடி வேலையை அமைக்கலாம். அதற்கு எதெல்லாம் வேண்டும் என்பதோடு எதெல்லாம் வேண்டாம் என்பதையும் எழுத வேண்டும். திருப்பூர் நிறுவனத்தின் அறிவிப்பில் இந்தப் பகுதி இப்படி அமையலாம்:

‘மார்ச் மாதத்துக்கான வங்கி ஏடும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் ஒரே எக்செல் கோப்பில் உள்ளன. இரண்டும் இந்தத் தேர்வுக்காக உருவாக்கப்பட்டவை. உண்மையான கணக்குகள் அல்ல. மூன்று அனுப்ப வேண்டும்: சரிகட்டும் பட்டியல், ஏட்டில் போட வேண்டிய திருத்தப் பதிவுகள், வேறுபாட்டுக்கான காரணத்தை உரிமையாளருக்கு விளக்கும் பத்து வரிக்கு மேற்படாத குறிப்பு. குறிப்பு தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். வரைபடம், வண்ண அலங்காரம், ஜிஎஸ்டி கணக்கு எதுவும் வேண்டாம். அனுப்பினாலும் மதிப்பெண் இல்லை. புத்தகம், இணையதளம் பார்க்கலாம். இன்னொருவரைச் செய்யச் சொல்லக் கூடாது. நேரம் முடிந்தும் வேலை மிச்சமிருந்தால், மிச்சத்தை எப்படிச் செய்வீர்கள் என்று இரண்டு வரியில் எழுதி அப்படியே அனுப்புங்கள்.’

கணக்குகள் உண்மையானவை அல்ல என்ற வரிக்கு இரண்டு காரணம் உண்டு. நிறுவனத்தின் நிஜக் கணக்கு வெளியே போகாது என்பது ஒன்று. தேர்வு என்ற பெயரில் கூலியில்லாமல் வேலை வாங்கவில்லை என்று விண்ணப்பதாரருக்குத் தெரிவது மற்றொன்று. நிறுவனத்துக்கு உண்மையிலேயே பயன்படப்போகும் வேலை என்றால் அதற்கு ஊதியம் தர வேண்டும். அதை அறிவிப்பிலேயே தொகையுடன் சொல்ல வேண்டும்.

இனி, கோப்புக்குள் இருக்கும் கணக்கு. நிறுவன ஏட்டின்படி மார்ச் 31 அன்று இருப்பு ரூ. 4,18,600. வங்கியின்படி ரூ. 4,72,020. வேறுபாடு ரூ. 53,420. தேடினால் ஐந்து காரணங்கள் கிடைக்கும். நூல் வியாபாரிகளுக்குக் கொடுத்த ரூ. 62,000 மதிப்புள்ள காசோலைகள் இன்னும் வங்கிக்கு வரவில்லை. 30ஆம் தேதி செலுத்திய ரூ. 45,000 காசோலை இன்னும் வரவாகவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் நேராக வங்கியில் செலுத்திய ரூ. 38,500 ஏட்டில் ஏறவில்லை. வங்கி பிடித்த கட்டணம் ரூ. 1,180 ஏட்டில் இல்லை. ரூ. 7,650 காசோலையை ஏட்டில் ரூ. 6,750 என்று மாற்றி எழுதியிருக்கிறார்கள். அதில் 900 ரூபாய் வித்தியாசம். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும் என்பதை அனுபவமுள்ள கணக்கர் அறிவார்.

சரிகட்டிய பின் ஏட்டு இருப்பு: 4,18,600 உடன் 38,500 கூட்டி, 1,180, 900 இரண்டையும் கழித்தால் ரூ. 4,55,020. வங்கி இருப்பில் 45,000 கூட்டி 62,000 கழித்தாலும் அதே ரூ. 4,55,020. ஆனால் திறமை தெரிவது இந்தத் தொகையில் அல்ல. ஐந்தில் மூன்றுக்கு மட்டுமே ஏட்டில் பதிவு போட வேண்டும். வங்கிக்கு வராத காசோலையும் வரவாகாத காசோலையும் வெறும் நாள் வித்தியாசம்; அடுத்த வாரம் தானாகச் சரியாகிவிடும். அரைகுறையாகக் கற்றவர் ஐந்துக்கும் பதிவு போட்டுவிடுவார். விடை சரியாக வந்திருந்தாலும் மறுநாள் அலுவலகத்தில் ஏடு கெட்டுப்போகும்.

ஆகவே மதிப்பெண் இந்த இடத்துக்குப் போக வேண்டும். போகும் என்று முன்னதாகவே சொல்லவும் வேண்டும். காரணங்கள் ஐந்தையும் கண்டுபிடிப்பதற்கு 40, சரிகட்டிய பட்டியலுக்கு 20, எதற்குப் பதிவு வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற தெளிவுக்கு 25, உரிமையாளருக்கான குறிப்புக்கு 15. குறிப்பில் பார்ப்பது புரியும்படி சொல்லியிருக்கிறாரா என்பதை மட்டுமே. மொழிநடைக்கோ எழுத்துப் பிழைக்கோ மதிப்பெண் குறையாது. ஒரு தொகையைத் தவறாக எடுத்து, அதனால் பின்னே வரும் எல்லாக் கூட்டலும் மாறினால், முதல் பிழைக்கு ஒருமுறை மட்டுமே குறைக்கப்படும். இந்தக் கடைசி விதியை எழுதாமல் விட்டால் ஒரு சிறு சறுக்கல் முப்பது மதிப்பெண்ணைக் கொண்டுபோய்விடும்.

இவ்வளவு விரிவாகப் பங்கிட வேண்டுமா என்று தோன்றலாம். 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். அதே தாளுக்கு ஒருவர் 64 போட, இன்னொருவர் 98 போட்டார். மொழிப்பாடம் என்பதால்தான் அப்படி என்று சிலர் சொன்னதால் அடுத்த ஆண்டு வடிவியல் தாளை அனுப்பினார்கள். அங்கே இடைவெளி இன்னும் பெரிதாக இருந்தது: முப்பதுக்குக் கீழிருந்து தொண்ணூறு வரை. படத்தின் சுத்தத்துக்கு, வழிமுறைக்கு, விடைக்கு என்று ஒவ்வொருவரும் தம் மனதில் வைத்திருந்த பங்கீடு வேறு வேறு. கணக்குத் தேர்விலும் அதுவே நடக்கும்.

திருத்தும் முறைக்கும் அறிவிப்பில் இரண்டு வரி இருக்க வேண்டும். வந்த கோப்புகளிலிருந்து பெயர், ஊர், படித்த கல்லூரி ஆகியவற்றை நீக்கி எண் கொடுப்பவர் திருத்தக் கூடாது. திருத்துபவர்கள் இருவர், ஒருவர் போட்ட மதிப்பெண் மற்றவருக்குத் தெரியாது. ஒரு விண்ணப்பதாரரின் முழுக் கோப்பையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லோருடைய சரிகட்டும் பட்டியலையும் முதலில், எல்லோருடைய திருத்தப் பதிவுகளையும் பிறகு என்று பார்ப்பது நல்லது. முதல் பகுதியில் அசத்தியவருக்குக் குறிப்பிலும் கை தாராளமாக நீளும் இயல்பை இது கட்டுப்படுத்தும். இருவருக்கும் பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் உட்கார்ந்து பேச வேண்டும்; நடுவில் ஓர் எண்ணைப் போட்டு முடித்துவிடக் கூடாது. பெரும்பாலும் அந்த வித்தியாசம் மதிப்பெண் பங்கீட்டில் உள்ள ஓட்டையைத்தான் காட்டும்.

வேலையைச் செய்தவர் அவர்தானா என்ற சந்தேகத்துக்கும் வழி உண்டு. தேர்ச்சி பெற்ற எல்லோரிடமும் பதினைந்து நிமிடம் தொலைபேசியில் பேசி, 62,000 ரூபாய்க்கு ஏன் பதிவு போடவில்லை என்று கேட்டால் போதும். தானே செய்தவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். சந்தேகப்பட்டவரை மட்டும் அழைக்காமல் எல்லோரையும் அழைக்க வேண்டும். இந்த உரையாடல் உண்டு என்பதும் முதல் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும்.

மிச்சமிருப்பவை சிறு விவரங்கள். சந்தேகம் கேட்க ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு வேலை நாளுக்குள் பதில். ஒருவர் கேட்டதற்கான பதில் எல்லோருக்கும் போகும். தேர்ச்சிக்கு 60 மதிப்பெண். நியமனக் கடிதம் ஏற்கனவே தந்திருந்தால் அது இந்தத் தேர்வைப் பொறுத்ததா இல்லையா என்பதை ஐயமில்லாமல் சொல்ல வேண்டும். பழைய வேலையை விட்டுவிட்டு வருபவருக்கு இதைவிட முக்கியமான வரி வேறில்லை. முடிவு வரும் தேதியும், தேர்வாகாதவருக்கும் நான்கு பகுதிகளின் மதிப்பெண் அனுப்பப்படும் என்பதும், ஏழு நாளுக்குள் கேட்டால் முதலில் திருத்தாத மூன்றாமவர் ஒருவர் மீண்டும் பார்ப்பார் என்பதும் அதே பக்கத்தில் இடம்பெற வேண்டும்.