ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு: படமும் உரையாடலும் தொலையாமல் மாறும் வழி

ஆண்ட்ராய்டு போனின் திரையில் படங்களும் வாட்ஸ்அப் உரையாடல்களும் அடுத்தடுத்துத் தெரிந்தாலும், அவை உண்மையில் இருப்பது மூன்று வெவ்வேறு இடங்களில். கேமராவில் எடுத்த படம் போனின் நினைவகத்தில் ஒரு கோப்பாக இருக்கிறது. கூகுள் போட்டோஸில் உருவாக்கிய ஆல்பம் கூகுள் கணக்கில் இருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடல், அந்தச் செயலிக்கு மட்டுமே திறக்கத் தெரிந்த தரவுத்தளத்தில் இருக்கிறது. ஐபோனுக்கு மாறும்போது இந்த மூன்றும் மூன்று தனி வழிகளில் போக வேண்டும். ஒன்று போனால் மற்றவையும் கூடவே போய்விடும் என்று நினைக்கும் இடத்தில்தான் இழப்பு நேர்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். ஒருவரின் கூகுள் போட்டோஸில் 12,000 படங்கள் தெரிகின்றன. சராசரியாக ஒரு படம் 3 எம்பி என்றால் மொத்தம் 36 ஜிபி. கூகுள் கணக்கின் இலவச இடம் 15 ஜிபிதான் என்பதால், அவர் மாதக் கட்டணம் செலுத்திக் கூடுதல் இடம் வாங்கியிருக்கிறார். போனில் இடம் போதாதபோதெல்லாம் 'Free up space' என்ற பொத்தானைத் தட்டியதால், 8,000 படங்களின் கோப்புகள் போனிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. அவை இப்போது கூகுள் கணக்கில் மட்டுமே உள்ளன. போனில் கோப்பாக இருப்பவை மீதி 4,000. இவற்றோடு 14 ஜிபி வாட்ஸ்அப் உரையாடல்களும் உண்டு.

மாறும் முன்

முதல் வேலை, கூகுள் போட்டோஸில் எல்லாமே ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. செயலியின் மேல் மூலையில் உள்ள கணக்குப் படத்தைத் தட்டினால் 'Backup complete' என்று காட்டும். அது மட்டும் போதாது. அந்தச் செயலி தானாக ஏற்றுவது கேமரா எடுத்த படங்களைத்தான். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள், ஸ்கிரீன்ஷாட்டுகள், பதிவிறக்கிய படங்கள் ஆகியவை தனித்தனிக் கோப்புறைகளில் இருக்கும். அமைப்புகளில் 'Back up device folders' என்ற பகுதிக்குப் போய் ஒவ்வொரு கோப்புறையையும் இயக்கினால்தான் அவை ஏறும். கேமரா படங்கள் முழுவதும் ஏறியதும் 'Complete' என்று காட்டிவிடுவதால், இந்தக் கோப்புறைகள் விடுபட்டதைப் பலர் கவனிப்பதில்லை.

கூகுள் போட்டோஸின் 'Locked Folder' இன்னொரு பொறி. அதில் வைத்த படங்களுக்குத் தனியாக பேக்கப் இயக்கியிருக்காவிட்டால் அவை அந்தப் போனில் மட்டுமே இருக்கும். மாறுவதற்கு முன்பே அவற்றை வெளியே எடுத்து வைப்பது நல்லது.

வாட்ஸ்அப்புக்கு வாய்ப்பு முதல் தொடக்கத்தில்

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் பேக்கப்பை கூகுள் கணக்கில் வைக்கிறது. ஐபோனில் அது ஐகிளவுடில் வைக்கிறது. ஐபோனில் உள்ள வாட்ஸ்அப்பால் கூகுள் கணக்கில் இருக்கும் பேக்கப்பைத் திறக்க முடியாது. அதனால், "தினமும் இரவு பேக்கப் ஆகிறதே" என்ற நம்பிக்கையில் புதிய ஐபோனில் வாட்ஸ்அப்பை நிறுவி எண்ணைக் கொடுத்தால், குழுக்களின் பெயர்கள் வரும், பழைய உரையாடல்கள் வராது. போனிலிருந்து போனுக்கு க்யூஆர் குறியீடு வழியாக உரையாடலை அனுப்பும் வசதியும் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறும்போது உதவாது.

2022இல் வந்த வழி வேறு. ஆப்பிள் நிறுவனம் பிளே ஸ்டோரில் வைத்திருக்கும் 'Move to iOS' என்ற செயலி வழியாக வாட்ஸ்அப் தரவு நேரடியாகப் பழைய போனிலிருந்து புதிய போனுக்குப் போகும். நடுவில் எந்தக் கிளவுடும் இல்லை. இதற்குச் சில கட்டாயங்கள் உண்டு. இரண்டு போனிலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஐபோன் புதியதாகவோ, முழுவதும் அழிக்கப்பட்டு முதலிலிருந்து தொடங்குவதாகவோ இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைதான் பலருக்கும் தாமதமாகத் தெரிகிறது. ஐபோனை வாங்கியதும் கடையிலேயே தொடங்கி, ஒரு வாரம் பயன்படுத்திய பிறகு உரையாடல்களைக் கொண்டுவர நினைத்தால், ஐபோனை அழித்துவிட்டு மறுபடி தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஒரு வாரத்தில் வந்த செய்திகள் பழையவற்றோடு சேராது. ஆகவே ஐபோனைத் தொடங்கும் நாளை முன்பே தீர்மானித்து, ஓரிரு மணி நேரம் ஒதுக்கி உட்கார வேண்டும்.

மாற்றும் நாளில்

இரண்டு போன்களையும் சார்ஜரில் இணைக்க வேண்டும். பழைய போனில் வாட்ஸ்அப்பையும் 'Move to iOS' செயலியையும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஐபோனைத் தொடங்கும்போது தரவை எங்கிருந்து கொண்டுவருவது என்று கேட்கும் திரை வரும். அதில் 'From Android' என்பதைத் தேர்ந்தால் ஓர் எண் காட்டப்படும். பழைய போனில் அதை உள்ளிட்டதும் ஐபோன் தற்காலிகமாக ஒரு வைஃபை இணைப்பை உருவாக்கும், பழைய போன் அதில் சேர்ந்துகொள்ளும். பிறகு எவற்றையெல்லாம் அனுப்புவது என்ற பட்டியல் வரும். அதில் வாட்ஸ்அப்பையும் படங்களையும் தேர்ந்தெடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பைத் தட்டியதும் அது தன் தரவைத் தயார் செய்து, பழைய போனில் தன்னைத் தானே வெளியேற்றிக்கொள்ளும். இது பிழையல்ல, நடைமுறையின் ஒரு பகுதி. அதன் பிறகு 'Continue' கொடுத்தால் அனுப்பல் தொடங்கும்.

இந்த நேரத்தில் பழைய போனில் வேறு செயலியைத் திறக்கக் கூடாது. ஐபோன் உருவாக்கிய வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டு, மொபைல் டேட்டாவுக்குத் தாவும் பழக்கம் பல ஆண்ட்ராய்டு போன்களுக்கு உண்டு. அப்படித் தாவினால் அனுப்பல் நடுவில் அறுந்துவிடும். மொபைல் டேட்டாவை முன்கூட்டியே அணைத்து வைப்பது இதைத் தடுக்கும். பழைய போன் 'முடிந்தது' என்று சொன்னாலும், ஐபோனில் உள்ள நகரும் கோடு முழுமை அடையும்வரை இரண்டையும் விட்டு வைக்க வேண்டும்.

முடிந்ததும் ஐபோனில் ஆப் ஸ்டோரிலிருந்து வாட்ஸ்அப்பை நிறுவி, அதே எண்ணைக் கொடுத்தால், உரையாடல்களைக் கொண்டுவரட்டுமா என்று அது கேட்கும். 'Start' என்பதைத் தட்ட வேண்டும். அந்தக் கேள்வியே வராமல் வெறும் பட்டியல் வந்தால், தரவு வந்து சேரவில்லை என்று பொருள். அப்போதும் பதற வேண்டியதில்லை. பழைய போனிலிருந்து தரவு நகலாகத்தான் போகிறது. அதில் வாட்ஸ்அப்பை நீக்காதவரை எல்லாம் அங்கேயே இருக்கும், ஐபோனை அழித்துவிட்டு மறுபடி முயலலாம். உரையாடல்கள் வந்தாலும் அழைப்புப் பட்டியல் வராது.

டெலிகிராமுக்கு இந்தச் சிரமம் இல்லை. அதன் சாதாரண உரையாடல்கள் அந்த நிறுவனத்தின் சர்வரில் இருப்பதால், புதிய போனில் உள்நுழைந்தால் போதும். ரகசிய உரையாடல்கள் மட்டும் பழைய போனோடு நின்றுவிடும்.

8,000 படங்கள் எங்கே?

எடுத்துக்காட்டில் உள்ளவர் ஐபோனின் படச் செயலியைத் திறந்தால் 4,000 படங்கள்தான் இருக்கும். 'Move to iOS' அனுப்புவது போனில் கோப்பாக இருப்பவற்றை மட்டும். மீதி 8,000 தொலைந்துவிடவில்லை. ஐபோனில் கூகுள் போட்டோஸை நிறுவி, அதே கணக்கில் நுழைந்தால், 12,000 படங்களும் ஆல்பங்களும் பழையபடி தெரியும். கணக்கில் இருந்தவை கணக்கிலேயேதான் இருக்கின்றன.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, ஐபோனின் படச் செயலியில் ஐகிளவுட் இயங்கினால், வந்த 4,000 படங்களும், அதாவது 12 ஜிபி, அங்கே ஏறத் தொடங்கும். ஐகிளவுடின் இலவச இடம் 5 ஜிபி. பாதி வழியில் இடம் நிறைந்து நின்றுவிடும். கூகுளிலேயே தொடர விரும்புபவர் ஐகிளவுட் படங்களை அணைத்து வைக்கலாம். இரண்டாவது, கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை நீக்கினால் அது கூகுள் கணக்கிலிருந்தும் நீங்கும், போனில் உள்ள நகலையும் நீக்கட்டுமா என்று கேட்கும். 'இரட்டையாக இருக்கிறதே' என்று ஒன்றை நீக்குபவர் இரண்டையும் இழக்கக்கூடும். பேக்கப் ஆன படம் கூகுளின் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் ஐகிளவுடுக்கே மாற்ற விரும்பினால், 2024 முதல் அதற்கு நேர்வழி உண்டு. takeout.google.com தளத்தில், கூகுள் போட்டோஸின் நகலை ஐகிளவுடுக்கு அனுப்பும் வசதியைத் தேர்ந்து இரு கணக்குகளிலும் ஒப்புதல் கொடுத்தால், சர்வரிலிருந்து சர்வருக்குப் படங்கள் போகும். போன் வழியாக எதையும் இறக்கி ஏற்ற வேண்டாம். சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை ஆகலாம். கூகுளில் உள்ள மூலம் அழியாது. ஆனால் இடக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 36 ஜிபி படங்கள் 50 ஜிபி திட்டத்தில் அடங்கும். ஐபோனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் ஐகிளவுடில்தான் இருக்கும் என்பதால் அந்த 14 ஜிபியையும் சேர்த்தால் 50 ஜிபி நிறைந்துவிடும், 200 ஜிபி திட்டமே தேவைப்படும்.

வந்த படங்களின் தேதியையும் சரிபார்க்க வேண்டும். கேமரா எடுத்த படத்தின் உள்ளேயே எடுத்த தேதி எழுதப்பட்டிருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் அந்தத் தகவல் இருக்காது. அதன் தேதி IMG-20230114-WA0007.jpg என்பதுபோலக் கோப்பின் பெயரில் மட்டும் இருக்கும். அது 2023 ஜனவரி 14 என்பதை ஐபோன் உணராமல், நகலான நாளையே தேதியாகக் கொள்ளக்கூடும். பழைய பொங்கல் படங்கள் இன்றைய படங்களாகக் காலவரிசையின் கடைசியில் குவிந்திருந்தால் காரணம் இதுதான்.

எதிர்த்திசையில்

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் போகும்போதும் இதே மூன்று வழிதான். privacy.apple.com தளத்திலிருந்து ஐகிளவுட் படங்களின் நகலை கூகுள் போட்டோஸுக்கு அனுப்பலாம், அதற்கு மூன்று முதல் ஏழு நாட்கள் ஆகும். பகிரப்பட்ட ஆல்பங்கள் போகாது. வாட்ஸ்அப் உரையாடல்கள், புதிய போனைத் தொடங்கும் நேரத்தில் இரண்டு போன்களையும் கேபிளால் இணைத்துக் கொண்டுவரப்படும்.

எந்தத் திசையானாலும், பழைய போனை அழிப்பதோ விற்பதோ கடைசி வேலையாக இருக்க வேண்டும். புதிய போனில் மிகப் பழைய உரையாடல் ஒன்றைத் திறந்து அதில் உள்ள படம் தெரிகிறதா என்று பார்த்து, கூகுள் போட்டோஸில் ஆல்பங்களின் எண்ணிக்கையைப் பழைய போனோடு ஒப்பிட்டு, வாட்ஸ்அப்பின் முதல் பேக்கப் புதிய இடத்தில் முடிந்ததை உறுதிசெய்த பிறகே அதை அழிக்கலாம்.