சென்றடைவின் சரிவும் ஈடுபாட்டின் தேய்வும்

தமிழ் மன்றங்களும் பள்ளிகளின் மொழிக் கழகங்களும் நடத்தும் ஃபேஸ்புக் பக்கங்களில் இருவகை இறக்கங்களைக் காண்கிறோம். ஒன்று, சென்ற வாரம்வரை ஆயிரத்து இருநூறு பேரைச் சென்றடைந்த பதிவுகள் இவ்வாரம் எழுநூறு பேரையே சென்றடைவது. மற்றொன்று, பதிவைக் கண்டோரில் அதற்கு மறுவினை தருவோரின் விழுக்காடு மாதந்தோறும் சிறிது சிறிதாகக் குறைவது. முன்னது உடனே கண்ணில் படும். பின்னதைப் பெரும்பாலும் எவரும் கவனிப்பதில்லை. முன்னதற்கு அவசரப்பட்டுக் கொடுக்கும் மருந்தே பின்னதற்கு வித்தாகிவிடுவதும் உண்டு. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு பதிவு எத்தனை வெவ்வேறு கணக்குகளின் திரையில் தோன்றியது என்பதே சென்றடைவு. ஒருவரே மும்முறை கண்டாலும் அது ஒன்றுதான். அவ்வாறு கண்டோர் இட்ட விருப்பக்குறிகள், எழுதிய கருத்துகள், செய்த பகிர்வுகள், சொடுக்குகள் ஆகியவற்றின் கூட்டுத்தொகையைச் சென்றடைவால் வகுத்து விழுக்காடாக்கினால் கிடைப்பது ஈடுபாட்டு விகிதம். ஆயிரத்து இருநூறு பேரைச் சென்றடைந்த பதிவுக்கு 72 மறுவினைகள் கிடைத்திருந்தால் விகிதம் 6 விழுக்காடு. சிலர் பின்தொடர்வோர் எண்ணிக்கையால் வகுப்பர். எதனால் வகுத்தாலும் ஆண்டு முழுவதும் அதனையே கைக்கொள்ள வேண்டும். இடையில் மாற்றினால் இல்லாத ஏற்ற இறக்கங்கள் தோன்றும்.

விகிதத்தின் அடியெண்ணே சென்றடைவு என்பதை மனத்திற்கொண்டால் திடீர்ச் சரிவைப் படிப்பது எளிதாகும். சென்றடைவு எழுநூறாக வீழ்ந்து மறுவினைகளும் 42 ஆகக் குறைந்திருந்தால் விகிதம் அதே 6 விழுக்காடு. அதாவது, கண்டவர்கள் முன்போலவே நடந்துகொள்கின்றனர், காட்டப்படுவதுதான் குறைந்துள்ளது. இது விநியோகத்தில் நேர்ந்த மாற்றம். மாறாக, சென்றடைவு எழுநூறாக வீழ்ந்தும் மறுவினைகள் 70 ஆகவே நின்றால் விகிதம் 10 விழுக்காடாக உயர்கிறது. மறுவினை தரும் வழக்கமுடையோர் பெரும்பாலும் போய்விடவில்லை. கண்டும் காணாது கடந்து செல்வோர் மட்டும் குறைந்துள்ளனர், அல்லது எண்ணும் முறையே மாறியிருக்கிறது.

எண்ணும் முறை மாறுவது வெறும் கற்பனையன்று. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஃபேஸ்புக் நிறுவனம், ஒரு பதிவு பயனரின் திரைக்குள் உண்மையாகவே வந்த பின்னரே அதனைச் சென்றடைவாகக் கணக்கிடுவது என்று பக்கங்களுக்கான கணக்கு முறையை மாற்றியது. அதற்குமுன், செய்தியோடையில் பதிவு இடம்பெற்றாலே, பயனர் அதுவரை திரையை நகர்த்தாவிடினும், கணக்கில் சேர்ந்தது. பதிவுகளோ வாசகரோ மாறாமலே எண் இறங்குவதற்கு இது வழிசெய்தது. சிக்கல் என்னவெனில், அதே ஆண்டு ஜனவரியில்தான் நண்பர், குடும்பத்தார் ஆகியோரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தரும் மாற்றத்தையும் அந்நிறுவனம் அறிவித்திருந்தது. ஒன்று அளவுகோலின் மாற்றம், மற்றொன்று விநியோகத்தின் மாற்றம். சென்றடைவின் கோட்டை மட்டும் பார்த்தவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்திருக்கும். மறுவினைகளின் எண்ணிக்கையையும் அருகில் வைத்துப் பார்த்தால்தான் பிரித்தறிய இயலும்.

இன்னொரு போலிச் சரிவும் உண்டு. பக்கத்தின் புள்ளிவிவரம் கடந்த 28 நாள்களின் தொகுப்பாகக் காட்டப்படும்பொழுது, பரவலாகப் பகிரப்பட்ட ஒரே பதிவு அத்தொகுப்பு முழுவதையும் உயர்த்தி நிற்கும். அப்பதிவின் நாள்கள் கணக்கிலிருந்து விலகியதும் கோடு செங்குத்தாக இறங்கும். அன்று பக்கத்தில் எதுவுமே நிகழ்ந்திராது. நாள்வாரிக் கணக்கைத் திறந்து பார்த்தாலே இது விளங்கிவிடும். சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா நடைபெறும் ஏப்ரல் மாதத்தை மே மாதத்தோடு ஒப்பிடுவோர்க்கும் இத்தகைய மயக்கமே நேரும். ஏப்ரலைச் சென்ற ஆண்டின் ஏப்ரலோடும், பள்ளி விடுமுறை வாரத்தை விடுமுறை வாரத்தோடும் ஒப்பிடுவதே முறை.

இனித் தேய்வுக்கு வருவோம். இதற்கு ஒரு கற்பனைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பள்ளியின் தமிழ்க் கழகம் மாணவர் எழுதிய சிறுகட்டுரைகளையும் வட்டாரப் பெயர்களின் வரலாற்றையும் வெளியிட்டு வருகிறது. பின்தொடர்வோர் நாலாயிரம், விகிதம் 6 விழுக்காடு. ஒரு மாதத்தில் சென்றடைவு எழுநூறாகச் சரிகிறது. விகிதம் மாறவில்லை என்பதை எவரும் பார்க்கவில்லை. "கட்டுரைகளை யாரும் படிப்பதில்லை" என்று முடிவுகட்டி, "மூன்று நண்பர்களைக் குறிப்பிடுங்கள், பரிசு வெல்லுங்கள்" என்னும் போட்டிகளைத் தொடங்குகின்றனர். மாணவரின் கட்டுரைகள் நிறுத்தப்படுகின்றன.

முதலில் மகிழ்ச்சிதான். பின்தொடர்வோர் ஆறாயிரமாகின்றனர், பத்து மாதங்களில் சென்றடைவு ஆயிரத்து ஐந்நூறைத் தொடுகிறது. ஆயினும் போட்டி அல்லாத பதிவுகளின் மறுவினைகள் 72இலிருந்து 45ஆக இறங்கிவிட்டன. விகிதம் 3 விழுக்காடு. மாதத்திற்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே இறங்கியதால் எந்த மாதத்திலும் அது செய்தியாகவில்லை. பரிசுக்காக வந்தவர்கள் பின்தொடர்வோராகவே நீடிக்கின்றனர்; பதிவுகள் அவர்கள் முன்னும் வைக்கப்படுகின்றன; அவர்கள் நின்று படிப்பதில்லை. நண்பர்களைக் குறிப்பிடுமாறும் பகிருமாறும் தூண்டும் பதிவுகளைக் கீழிறக்குவோம் என்று ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துள்ளது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளலாம். போட்டிப் பதிவுகளுக்கும் அந்த வழி நெடுநாள் நிலைப்பதன்று.

விகிதம் குறைவதெல்லாம் தேய்வு என்றும் கொள்ளலாகாது. ஒரு சிறு காணொளி பின்தொடராத பலரிடமும் பரவினால் அடியெண் பெருகி விகிதம் இறங்கும். மறுவினைகள் 72 ஆகவே இருந்து சென்றடைவு இரண்டாயிரமானால் விகிதம் 3.6 விழுக்காடுதான், ஆனால் பழைய வாசகர் எவரும் விலகியதாகப் பொருளில்லை. ஆகவே, முதலில் மேலெண்ணைப் பார்க்க வேண்டும். அது நின்றால் பரவல். அதுவும் இறங்கினால் தேய்வு. அடுத்து, கட்டுரை, நிழற்படம், காணொளி, அறிவிப்பு எனப் பதிவுகளை வகைப்படுத்தித் தனித்தனியே விகிதம் காண வேண்டும். ஒவ்வொரு வகையின் விகிதமும் மாறாதிருக்க, அறிவிப்புச் சுவரொட்டிகள் மிகுந்ததாலேயே மொத்த விகிதம் இறங்கியிருக்கக்கூடும். அப்பொழுது குறை வாசகரிடம் இல்லை. நாம் வெளியிடும் கலவையில் இருக்கிறது.

சிறு பக்கங்களில் ஓர் எச்சரிக்கை தேவை. 45 மறுவினைகளில் ஒரு வகுப்பு மாணவர் மட்டுமே இருபது பேர் இருக்கலாம். அவர்கள் தேர்வுக்குப் படிக்கும் வாரத்தில் விகிதம் பாதியாகும். எனவே நான்கைந்து பதிவுகளைக்கொண்டு முடிவெடுத்தல் ஆகாது. ஒரு பருவத்தின் பதிவுகளை விகித வரிசையில் அடுக்கி, சராசரியை விடுத்து நடுவில் நிற்பதை எடுத்துக்கொண்டால், ஓங்கி நின்ற ஒற்றைப் பதிவு நம்மை ஏமாற்றாது.

நாம் கண்ட கழகம் இவ்வாறு பிரித்துப் பார்த்தால், பழைய கட்டுரைகளின் விகிதம் சென்றடைவு சரிந்த அந்த மாதத்திலும் 6 விழுக்காடாகவே இருந்ததைக் காணும். கட்டுரைகளை மீண்டும் வெளியிடுவதே அடுத்த படி. தொடக்கத்தில் விகிதம் 6 விழுக்காட்டை எட்டாது, ஏனெனில் பரிசுக்கு வந்த இரண்டாயிரம் பேரில் பலர் அடியெண்ணில் இன்னும் இருக்கின்றனர். அதனால் சில மாதங்களுக்கு விகிதத்தைவிடக் கருத்துகளின் எண்ணிக்கையையும், அவற்றை எழுதுவோர் முன்னைய வாசகரா என்பதையும் பார்த்துவர வேண்டும்.