ஆறு நாள் தாமதம், பன்னிரண்டு நாள் லீவு

மும்பைக்கு மேற்கே அரபிக்கடலில் இருக்கிறது மும்பை ஹை எண்ணெய் வயல். அங்கே ரிக்கில் வேலை பார்ப்பவர்களைக் கரையிலிருந்து ஹெலிகாப்டர்தான் கொண்டுபோய் இறக்குகிறது, திரும்பவும் கூட்டி வருகிறது. 14 நாள் வேலை, 14 நாள் ஓய்வு என்று போகிறவர்கள் உண்டு. 28 நாள் வேலை, 28 நாள் ஓய்வு என்று போகிறவர்களும் உண்டு. ஆண்டில் பாதி கடலில், பாதி வீட்டில். இந்த முறையை ரொட்டேஷன் என்கிறார்கள். கேட்கும்போது இதில் கணக்குப் போட எதுவுமே இல்லை என்று தோன்றும்.

எல்லோரும் குறித்த தேதியில் ஏறி, குறித்த தேதியில் இறங்கும்வரை உண்மையிலேயே எதுவும் இல்லை. பதிலுக்கு வர வேண்டிய ஆள், அதாவது ரிலீவர், ஒருமுறை தாமதமாக வரட்டும். அன்றிலிருந்து ஊழியர் ஒரு எண் சொல்வார், அலுவலகம் இன்னொரு எண் சொல்லும். பெரும்பாலும் இருவரும் பொய் சொல்வதில்லை, எண்ணும் விதம்தான் வேறாக இருக்கும்.

அடிப்படை விதி எளிது. கடலில் கழித்த ஒவ்வொரு நாளும் கொஞ்சம் லீவைச் சம்பாதிக்கிறது. எவ்வளவு என்பதை விகிதம் சொல்லும்: ஓய்வு நாட்களை வேலை நாட்களால் வகுக்க வேண்டும். 28-க்கு 28 என்றால் விகிதம் 1, ஒரு நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு. சப்ளை கப்பல்களில் எட்டு வாரம் வேலை, நான்கு வாரம் ஓய்வு என்று ஒப்பந்தம் போட்டால் விகிதம் 0.5, அதாவது ஒரு நாள் வேலைக்கு அரை நாள் லீவு. சம்பாதித்த லீவிலிருந்து வீட்டில் இருந்த நாட்களைக் கழித்தால் வருவது பாக்கி. வங்கிக் கணக்கு மாதிரிதான், வரவும் செலவும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ரிக்கில் ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 28-க்கு 28, ஆண்டு முழுக்க மாதச் சம்பளம். 2025 ஜனவரி 6 அன்று ஏறுகிறார், பிப்ரவரி 3 அன்று இறங்குகிறார். வீட்டில் இருந்துவிட்டு மார்ச் 3 அன்று மறுபடி ஏறுகிறார். மார்ச் 31 அன்று இறங்கியிருக்க வேண்டும். ஆனால் ரிலீவருக்கு மருத்துவத் தகுதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. வேறு ஆள் தேடிப் பிடித்து அனுப்ப ஆறு நாள் ஆகிறது. ஏப்ரல் 6 அன்றுதான் இவர் இறங்குகிறார். அடுத்த முறை ஏற வேண்டிய தேதி ஏற்கெனவே ஏப்ரல் 28 என்று குறித்தாயிற்று, அதை மாற்ற முடியாது என்கிறது அலுவலகம். அன்றே ஏறிவிடுகிறார்.

இவருக்கு எத்தனை நாள் லீவு பாக்கி?

அலுவலகத்தின் உடனடி பதில் ஆறு. ஆறு நாள் கூடுதலாக இருந்தார், ஆறு நாள் பாக்கி. கேட்டால் சரி என்றுதான் படும். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அந்த ஆறு நாளில் இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடந்திருக்கின்றன. ஆறு நாள் கூடுதலாக வேலை செய்ததால் புதிதாக ஆறு நாள் லீவு சேர்ந்தது. அதே ஆறு நாள் அவருடைய ஓய்விலிருந்தும் போய்விட்டது, ஏனென்றால் திரும்பி ஏறும் தேதி நகரவில்லை. 34 நாள் வேலை செய்துவிட்டு 22 நாள்தான் வீட்டில் இருந்திருக்கிறார். 34-லிருந்து 22 போனால் 12. பாக்கி பன்னிரண்டு நாள்.

அடுத்த ஏறும் தேதியையும் ஆறு நாள் தள்ளி மே 4 ஆக்கியிருந்தால் அவருக்கு 28 நாள் ஓய்வு முழுதாகக் கிடைத்திருக்கும். அப்போது பாக்கி ஆறு என்று அலுவலகம் சொல்வது சரி. ஆகவே ஓவர்ஸ்டே எத்தனை நாள் என்பதை மட்டும் கேட்டால் போதாது, அடுத்த தேதி நகர்ந்ததா இல்லையா என்றும் கேட்க வேண்டும். தேதி நகரவில்லை என்றால், கூடுதலாக இருந்த நாட்களை விகிதத்தோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். விகிதம் 1 என்றால் இரண்டு மடங்கு. விகிதம் 0.5 உள்ள சப்ளை கப்பல் ஊழியருக்கு இதே ஆறு நாள் தாமதம் ஒன்பது நாள் பாக்கியைத் தரும்.

இத்தோடு முடியவில்லை. அந்த எலக்ட்ரீஷியன் தன் டைரியில் போட்ட கணக்கில் பாக்கி பதினாறு என்று வந்திருக்கலாம். அதுவும் தவறில்லை. அவர் ஏறிய நாளையும் இறங்கிய நாளையும் வேலை நாளாகவே எண்ணியிருக்கிறார். ஜனவரி 6 முதல் பிப்ரவரி 3 வரை இரு முனைகளையும் சேர்த்து எண்ணினால் 28 அல்ல, 29 நாள் வரும். வீட்டில் முழுதாக இருந்தது பிப்ரவரி 4 முதல் மார்ச் 2 வரை 27 நாள்தான். யாரும் ஒரு நாள்கூடத் தாமதமாகாத அந்தச் சுற்றிலேயே இரண்டு நாள் பாக்கி விழுந்துவிட்டது. இரண்டாவது சுற்றில் 35 நாள் வேலை, 21 நாள் வீடு, 14 நாள் பாக்கி. மொத்தம் 16.

க்ரூ சேஞ்ச் நாள் யார் கணக்கில் என்பதுதான் இங்கே கேள்வி. அன்று விடியற்காலையில் எழுந்து, அடுத்த ஆளிடம் பொறுப்பை ஒப்படைத்து, ஹெலிகாப்டருக்குக் காத்திருந்து, மும்பையில் இறங்கி, மதுரைக்கோ நாகர்கோவிலுக்கோ பயணப்படும் மனிதருக்கு அந்த நாளை விடுமுறை என்று சொல்ல மனம் வராது, நியாயம்தான். ஆனால் பல ஒப்பந்தங்கள் ஏறும் நாளை வேலையிலும் இறங்கும் நாளை ஓய்விலும் சேர்க்கின்றன. சில இரண்டையும் வேலையாக எடுத்துக்கொள்கின்றன. இப்படி ஒரு சுற்றுக்கு இரண்டு நாள் வித்தியாசம் வரும். 56 நாள் சுற்று ஆண்டுக்கு ஆறரை முறை வருகிறது. பதின்மூன்று நாள் லீவு ஒரே ஒரு வாக்கியத்தைப் பொறுத்து இருக்கிறது என்று அர்த்தம். அந்த வாக்கியம் ஒப்பந்தத்தில் இல்லை என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

கணக்கை வைத்திருக்கப் பெரிய மென்பொருள் தேவையில்லை. எக்செல் தாளில் முதல் வரி தலைப்புக்கு. A பத்தியில் ஏறிய தேதி, B-யில் இறங்கிய தேதி. இரண்டாம் வரியில் இந்தச் சூத்திரங்களைப் போட்டுக் கீழே இழுத்தால் போதும்:

```
C2: =B2-A2+1
D2: =C2*1
E2: =A3-B2-1
F2: =N(F1)+D2-E2
```

C வேலை நாள், D சம்பாதித்த லீவு, E எடுத்த லீவு, F பாக்கி. D-யில் உள்ள 1 என்பது விகிதம், 0.5 என்றால் அதைப் போட வேண்டும். இறங்கும் நாள் ஓய்வு என்று ஒப்பந்தம் சொன்னால் C-யில் வரும் +1, E-யில் வரும் -1 இரண்டையும் எடுத்துவிட வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் ஒரு நாள் இரண்டு பக்கமும் எண்ணப்படும், அல்லது எந்தப் பக்கமும் எண்ணப்படாமல் போகும். சரிபார்க்க எளிய வழி உண்டு: C-யையும் E-யையும் கூட்டினால், ஒரு முறை ஏறியதிலிருந்து அடுத்த முறை ஏறும்வரை உள்ள மொத்த நாட்கள் வர வேண்டும். அடுத்து ஏறும் தேதியை A-யில் எழுதும்வரை கடைசி வரியின் E தவறான எண்ணைத்தான் காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பணமாகத் தரும்போதும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். எலக்ட்ரீஷியனுக்கு மாதம் 1,20,000 ரூபாய் என்று கொள்வோம், முப்பதால் வகுத்தால் ஒரு நாளுக்கு 4,000. ஆறு நாள் கூடுதலாக இருந்ததற்கு 24,000 ரூபாய் தந்துவிட்டு, கணக்கு முடிந்தது என்று அலுவலகம் சொல்லக்கூடும். முடியவில்லை. இவர் பாதி ஆண்டு வேலை செய்து முழு ஆண்டுச் சம்பளம் வாங்குகிறவர். எனவே கடலில் கழிக்கும் ஒரு நாளின் விலை 4,000 அல்ல, 8,000. ஆறு நாளுக்கு 48,000. பன்னிரண்டு நாள் லீவை 4,000-ஆல் பெருக்கினாலும் அதே 48,000-தான் வருகிறது. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் கணக்கு சரி. 24,000 மட்டும் கொடுத்திருந்தால் இன்னும் ஆறு நாள் லீவு மீதி நிற்கிறது. ஓவர்ஸ்டே பணத்தை முழுதாக வாங்கிக்கொண்ட பிறகு அதே நாட்களுக்கு லீவும் கேட்பது மறுபக்கத்துத் தவறு.

சட்டம் என்ன சொல்கிறது? ஸ்காட்லாந்தின் அபர்தீனை மையமாகக் கொண்ட வடகடல் எண்ணெய்த் தொழிலில் இதைப் பற்றி நீண்ட வழக்கு ஒன்று நடந்தது. கரையில் இருக்கும் 26 வாரங்கள் வெறும் ஓய்வுதான், சட்டப்படியான ஆண்டு விடுமுறையைக் கடலில் வேலை செய்ய வேண்டிய வாரங்களிலிருந்து தனியாகத் தர வேண்டும் என்று ஊழியர்கள் கேட்டார்கள். 2011 டிசம்பர் 7 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. கரையில் இருக்கும் காலம் வேலையிலிருந்து விடுபட்ட காலமாக இருந்தால், ஆண்டு விடுமுறையும் அதற்குள்ளேயே அடங்கும் என்றது.

கப்பல் ஊழியர்களுக்கு 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 2015-ல் அதை ஏற்றது. வேலையில் இருக்கும் மாதம் ஒன்றுக்குக் குறைந்தது இரண்டரை நாள் சம்பளத்துடன் விடுமுறை என்பது அதன் அளவு. சம ரொட்டேஷனில் இருப்பவருக்கு இது தானாகவே கிடைத்துவிடும். கப்பலில் இருக்கும் நாளுக்கு மட்டும் கூலி, வீட்டில் இருந்தால் ஒன்றுமில்லை என்று வேலை பார்ப்பவர்தான் இதைக் கவனிக்க வேண்டும். நான்கு மாத ஒப்பந்தத்துக்குப் பத்து நாள் விடுமுறைச் சம்பளம் அவருக்கு உண்டு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடவும் கூடாது: அந்தக் குறைந்தபட்ச விடுமுறையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தை உடன்படிக்கையே தடை செய்கிறது.

2020-ல் கொரோனா எல்லைகளை மூடியபோது உலகம் முழுக்கச் சுமார் நான்கு லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் கப்பலிலேயே சிக்கியிருந்தார்கள் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு கணக்கிட்டது. தாமதம் ஆறு நாள் அல்ல, பல மாதங்கள். இப்படிப்பட்ட சமயத்தில் கணக்கைவிட ஆதாரம்தான் முதலில் தொலைகிறது. கப்பல் ஊழியருக்குச் சி.டி.சி. புத்தகத்தில் ஏறிய தேதியும் இறங்கிய தேதியும் பதிவாகும். ரிக்கில் இருப்பவர்களுக்கு அன்றன்று யார் யார் ரிக்கில் இருந்தார்கள் என்ற பட்டியலும் ஹெலிகாப்டர் பயணப் பட்டியலும் சான்று. இவற்றோடு விமான டிக்கெட்டையும் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு நாட்களில் பாதுகாப்புப் பயிற்சிக்கு அழைக்கப்பட்டால் அந்தத் தேதிகளையும் குறித்து, அவை யார் கணக்கில் போகும் என்று கடிதத்தில் கேளுங்கள். பாக்கி எத்தனை நாள் என்பதை ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் எழுதி, பதில் வாங்கிவிடுங்கள். இரண்டு சுற்றுக்கான கணக்கை உட்கார்ந்து பேசி ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடலாம், மூன்று வருடக் கணக்கை வேலையை விட்டுப் போகும் அன்று தீர்க்க முடியாது.